5-ஆ, 30-ஆ? ‘படம், பட்டம்’ ஒலித்துண்டை ஸ்பெக்ட்ரோகிராமில் படித்த விதம்

கையில் இருந்தது ஒன்றரை விநாடி நீள ஒலித்துண்டு. ஆண் குரல், 16 கிலோஹெர்ட்ஸ் பதிவு, பேசுபவர் ‘படம், பட்டம்’ என்று சொல்கிறார். தேவைப்பட்டவை இரண்டு: இரு சொற்களிலும் ‘ட’, ‘ட்ட’ அடைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும், உயிர் ஒலிகளில் பிட்ச் எப்படிப் போகிறது என்பதும். எந்த நேரத்தில் எந்த அலைவெண் என்று ஒலியைப் படமாக்குவது ஸ்பெக்ட்ரோகிராம்; ஒவ்வொரு முறையும் அது எடுத்துப் பார்க்கும் துண்டின் நீளம்தான் விண்டோ நீளம். ஒரே விண்டோ நீளத்தில் இரண்டையும் எடுக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்.

பேச்சொலியை ஆராயும் பிராட் மென்பொருளில் ஒலியைத் திறந்து `Spectrogram settings...` போனால் `Window length (s)` என்ற பெட்டியில் 0.005 இருக்கும், அதாவது 5 மில்லி விநாடி. காஸியன் விண்டோவுக்கு அலைவெண் பட்டையின் அகலம் 1.3-ஐ விண்டோ நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். 5 மில்லி விநாடிக்கு அது 260 ஹெர்ட்ஸ், 30 மில்லி விநாடிக்கு 43 ஹெர்ட்ஸ். அதற்குள் நெருங்கி நிற்கும் இரண்டு அலைவெண்கள் படத்தில் ஒன்றாகவே தெரியும். இந்த ஒரு வகுத்தலை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ‘அகலப்பட்டை’, ‘குறும்பட்டை’ என்ற பெயர்கள்கூட அதற்குப் பிறகுதான்.

முதலில் 5-லேயே விட்டுப் பார்த்தோம். இந்தக் குரலின் பிட்ச் 120 ஹெர்ட்ஸ் அளவு. பட்டை 260 என்பதால் பிட்ச்சின் மடங்குகளில் வரும் ஹார்மோனிக்குகள் பிரியாமல் கலந்துவிடுகின்றன. வாய், தொண்டையின் வடிவத்தால் வலுப்பெறும் அலைவெண்களான ஃபார்மன்ட்டுகள் தடித்த கரும்பட்டைகளாக எழும். அவற்றை வெட்டிக்கொண்டு 8.3 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் நிற்கும். ஒவ்வொரு கோடும் குரல்நாண் ஒருமுறை மூடுவது. 100 மில்லி விநாடியில் 12 கோடு எண்ணினால் பிட்ச் 120 என்று கையாலேயே சொல்லிவிடலாம்.

‘படம்’ சொல்லில் இருப்பது நாக்கு நுனி தட்டிவிட்டுப் போகும் குறுகிய ‘ட’. 25 மில்லி விநாடி அளவுக்கு உயர் ஃபார்மன்ட்டுகள் மங்குகின்றன, அடியில் மட்டும் குரலின் மெல்லிய பட்டை தொடர்கிறது. ‘பட்டம்’ வேறு மாதிரி. குரல் நின்று 100 மில்லி விநாடியைத் தாண்டும் வெற்றிடம், அதன் முடிவில் ஊசிபோல ஒரு வெடிப்பு, கொஞ்ச நேரத்தில் மீண்டும் குரல். எல்லைக் கோடுகளை இந்தப் படத்தில்தான் வைக்க வேண்டும். வைத்த பிறகு மேலே இருக்கும் அலைவடிவத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது, ஏனென்றால் 5 மில்லி விநாடி விண்டோவும் வெடிப்பைச் சற்று முன்னும் பின்னும் பரப்பியே காட்டும்.

இனி அதே துண்டில் 0.03 போடுங்கள். செங்குத்துக் கோடுகள் மறைந்து, 120, 240, 360 என்று படுக்கைக் கோடுகள் வரும். ‘படம்’ சொல்லின் 25 மில்லி விநாடி இடைவெளி கிட்டத்தட்ட நிரம்பிப்போகும். 30 மில்லி விநாடி விண்டோ இடைவெளியின் நடுவில் நின்றாலும் இருபக்க உயிர் ஒலியையும் தொட்டுவிடுகிறது அல்லவா? ‘பட்டம்’ வெடிப்போ உண்மையான இடத்துக்கு 15 மில்லி விநாடி முன்னாலேயே தொடங்குவதுபோலப் படரும். `Dynamic range` 70 டெசிபெல்லில் இருந்தால் அதற்கும் முன்னால்கூட. இந்தப் படத்தை வைத்து அடைப்பின் நீளத்தைக் குறித்தால் இருமுனையிலும் சுருங்கும். அடைப்பு அளவுகள் எல்லாமே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விண்டோ நீளத்தை.

30 எதற்கு உதவுகிறது என்றால், பிட்ச் கணிப்பைச் சோதிக்க. பிராட் பிட்ச்சுக்காக வரையும் நீலக் கோடு சில இடங்களில் திடீரென்று 60-க்கு இறங்கும். உண்மையிலேயே குரல் கரகரத்ததா, கணிப்பு பாதியாக விழுந்ததா? 10-ஆவது ஹார்மோனிக்கைக் கண்டுபிடித்து அதன் அலைவெண்ணைப் பத்தால் வகுங்கள். 1200-இல் இருந்தால் பிட்ச் 120-தான், நீலக் கோடு தவறு. மேல் ஹார்மோனிக்கில் அளந்தால் கர்சர் வைக்கும் பிழையும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது.

இங்கே பலர் தவறான திசையில் போகும் இடம் ஒன்று உண்டு. சொல்லின் கடைசியில் பிட்ச் இறங்கும்போது மேலே உள்ள ஹார்மோனிக்குகள் கலங்கித் தெரியும். கோடு தெளியவில்லையே என்று விண்டோவை 50-க்கு நீட்டினால் இன்னும் கலங்கும். கணக்கு இதுதான்: 30 மில்லி விநாடிக்குள் பிட்ச் 126-இலிருந்து 120-க்கு இறங்கினால் 20-ஆவது ஹார்மோனிக் 20 × 6 = 120 ஹெர்ட்ஸ் நகர்கிறது. அது அடுத்த கோட்டுக்கு இருக்கும் தூரமேதான். எனவே 2400 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு பிரிய வழியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் 20-க்குக் குறைத்துப் பாருங்கள். பட்டை 65 ஹெர்ட்ஸ் ஆகிறது, 120-ஐப் பிரிக்க அது இன்னும் போதும். 20-ஆவது ஹார்மோனிக்கின் நகர்வோ 80-ஆகக் குறைகிறது.

இரண்டுக்கும் நடுவே 10 வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். இந்தக் குரலுக்கு அதுதான் ஆக மோசம். பட்டை 130, பிட்ச் 120. செங்குத்துக் கோடும் முழுதாக இல்லை, படுக்கைக் கோடும் முழுதாக இல்லை; மணிமணியாகப் புள்ளிகள் மட்டும். சமரசம் செய்வதைவிட இரண்டு படம் எடுத்து, ஒரே நேர அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதே மேல். பழைய சோனாகிராஃப் கருவிகளிலும் 300, 45 ஹெர்ட்ஸ் என்று இரண்டு வடிகட்டிகள்தான் இருந்தன.

குரல் மாறினால் எண்ணும் மாற வேண்டும். 300 ஹெர்ட்ஸில் பேசும் குழந்தைக்கு 260 ஹெர்ட்ஸ் பட்டை அகலப்பட்டையே இல்லை, ஹார்மோனிக்குகள் தனித்தனியாகவே தெரியும். அவற்றை ஃபார்மன்ட் என்று எண்ணிவிடுவது சுலபம். சந்தேகம் வந்தால் இடைவெளிகளைப் பாருங்கள்: 300, 600, 900 என்று சம தூரத்தில், பிட்ச் ஏறும்போது எல்லாம் சேர்ந்து ஏறினால் அவை ஹார்மோனிக்குகள். விண்டோவை 0.003 ஆக்கினால் பட்டை 430-ஐத் தாண்டும், ஃபார்மன்ட்டுகள் வெளிவரும். ஆனால் அருகருகே நிற்கும் இரண்டு ஃபார்மன்ட்டுகள், உதாரணமாக ‘ழ’வில் இரண்டாவதை நோக்கி இறங்கிவரும் மூன்றாவது, ஒரே பட்டையாக ஒட்டிக்கொள்ளலாம். ஃபார்மன்ட்டின் சிவப்புப் புள்ளிகளுக்கு விண்டோ நீளம் தனி. `Formant settings...` உள்ளே 0.025 என்று இருக்கும். ஸ்பெக்ட்ரோகிராமின் எண்ணை மாற்றினால் புள்ளிகள் நகராது.

பெரிதாக்கிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம். பிராட் திரையில் தெரியும் பகுதியை அதிகபட்சம் 1000 நேரப் புள்ளிகளில்தான் கணக்கிடுகிறது. 8 விநாடியை ஒன்றாகக் காட்டினால் புள்ளிக்கு 8 மில்லி விநாடி. 5 மில்லி விநாடி விண்டோவில் வெடிப்பு இரண்டு புள்ளிக்கும் நடுவே விழுந்து மங்கிவிடலாம். ஒரு விநாடிக்குக் குறைவாகத் திரையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பைத்தானில் `librosa` பயன்படுத்துபவர்களுக்கு முன்னிருப்பு அளவே பொறி. `n_fft=2048` என்பது 22050 ஹெர்ட்ஸில் 93 மில்லி விநாடி, 16000-இல் 128. இசைக்கு ஏற்றது, பேச்சுக்கு மிக நீளம். அந்தப் படத்தில் ‘படம்’ சொல்லின் ‘ட’ இருந்த தடமே தெரியாது. விண்டோவை மில்லி விநாடியில் கொடுங்கள்:

```python
import librosa
y, sr = librosa.load("clip.wav", sr=None)

def spec(ms):
    return abs(librosa.stft(y, n_fft=2048,
        win_length=int(sr * ms / 1000),
        hop_length=sr // 1000))

wide, narrow = spec(6), spec(35)
```

இங்கே முன்னிருப்பு ஹான் விண்டோ. அதன் பட்டை ஏறக்குறைய 1.44-ஐ நீளத்தால் வகுத்தது. அதனால்தான் 5, 30 போட்ட இடத்தில் 6, 35. `n_fft`-ஐ இன்னும் பெரிதாக்கினால் படம் வழவழப்பாகும், ஆனால் சுழியங்கள் சேர்வது மட்டுமே நடக்கிறது. `win_length` மாறாதவரை 240 ஹெர்ட்ஸ் பட்டை 240-தான். `hop_length` குறைப்பதும் அப்படியே: படச் சட்டங்கள் நெருக்கமாகும், ஒவ்வொரு சட்டமும் பார்க்கும் நேர அளவு குறையாது.