பதினாறு வருட லாரி ஒப்பந்தத்தை முடித்த கதை

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு அரிசி ஆலை. அப்பா காலத்திலிருந்தே நெல்லும் அரிசியும் ஏற்றிப்போவது ஒரே லாரிக்காரர்தான். வயதில் மூத்தவர், அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். கடந்த இரண்டு சம்பாவிலும் லாரி சொன்ன நாளுக்கு வரவில்லை. மூட்டைகள் மழையில் நனைந்தன. விலகுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் நான் எழுதிய கடிதத்தில் அந்தத் தாமதமெல்லாம் தேதிவாரியாக இருந்தது. வக்கீல் படித்துவிட்டு ஒப்பந்தத்தைப் புரட்டினார். விலக இரண்டு வழி இருந்தது. குறை சொல்லி முடிப்பதென்றால், முதலில் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய 15 நாள் அவகாசம் தர வேண்டும். குறை சொல்லாமல் முடிப்பதென்றால் 60 நாள் முன்னறிவிப்பு போதும். "குறையையும் எழுதி, 60 நாள் பிரிவையும் காட்டினால், எந்தப் பிரிவில் முடிக்கிறீங்கன்னே சண்டை வரும்" என்றார். ஒரு பக்கத்தை அடித்துவிட்டார். மிஞ்சியது இவ்வளவுதான்:

"நமது ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவின்படி இக்கடிதத்தை முன்னறிவிப்பாக அனுப்புகிறோம். மே 15ஆம் தேதியுடன் ஒப்பந்தம் முடிவடையும். அதுவரை வழக்கம்போல் லோடு தருவோம். இரு தரப்புக் கணக்கையும் ஒப்பிட்டு மீதியை நேர்செய்வோம். இத்தனை ஆண்டு உழைப்புக்கு எங்கள் நன்றி."

கடிதத்தை அனுப்பியது மார்ச் 3. ஆனால் 60 நாள் ஓடத் தொடங்குவது அவர் கைக்குப் போன நாளிலிருந்து. அதனால்தான் கூடுதலாகப் பதின்மூன்று நாள் விட்டு மே 15 போட்டேன். சம்பா அறுவடை ஓய்ந்த நேரம்; அடுத்த குறுவைக்கு முன் அவருக்கும் வேறு ஆள் பிடிக்க அவகாசம் இருக்கும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், கூடவே ஒரு நகல் வாட்ஸ்அப்பில்.

தபால் போய்ச் சேருவதற்கு முன்பே நேரில் போய்ச் சொன்னேன். தபால்காரர் கையால் அவர் தெரிந்துகொள்வது எனக்கு ஒப்பவில்லை. காபி கொடுத்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்பா இருந்தா சொல்லியிருப்பாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கணக்குதான் இழுத்தது. அவர் வாங்கியிருந்த முன்பணம் ஒரு லட்சம் போக நான் தர வேண்டியது 1,38,400 என்று எங்கள் பேரேடு சொன்னது. அவர் நோட்டில் 1,47,000. பில் பில்லாகப் பார்த்ததில், நவம்பரில் தஞ்சாவூருக்குப் போன ஒரு லோடு, வாடகை 8,600, எங்கள் கணக்குப்பிள்ளை பதியவே இல்லை. கடிதத்தில் தொகையைக் குறிப்பிட்டிருந்தால் அசிங்கப்பட்டிருப்பேன். மறுநாளே முழுத் தொகையையும் வங்கியில் போட்டேன். "பாக்கி ஏதுமில்லை" என்று இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

எங்கள் தார்ப்பாய் ஆறில் ஐந்துதான் திரும்பி வந்தது. ஆறாவது அவர் லாரியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.