திரும்பும் நேரத்திலிருந்து போடும் கணக்கு

பழவேற்காட்டில் கடல் தொழில் செய்கிறவனுக்குக் கடலைவிட முகத்துவாரம்தான் பெரிய கவலை. ஏரிப்பக்கம் படகு கட்டுகிற நாங்கள் அந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். மணல் ஏறி ஏறி அது ஆழம் குறைந்துகொண்டே இருக்கும். ஆகவே எப்போது கிளம்புவது என்று யோசிப்பதற்கு முன்னால், பிடித்த மீனோடு எப்போது உள்ளே நுழைய முடியும் என்று பார்க்கிறேன்.

எங்கள் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலை, இரவு இரண்டு வேளையும் சுமார் ஒன்பது மணிக்குத் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும். விடியலில் மூன்று மணி வாக்கில் வற்றிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் இது ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அப்படியானால் அட்டமியன்று நிலைமை தலைகீழ். காலை ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வற்றம்.

இதோடு சந்தையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு விலை ஏறும். சென்னை வியாபாரிகளின் வண்டி ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும், அதன்பின் வருகிற மீன் உள்ளூர் விலைக்குத்தான் போகும். நான் மிகவும் விரும்புவது சனிக்கிழமை அமாவாசை வருகிற வாரம். அமாவாசையன்று பல வீடுகளில் கவிச்சி கிடையாது, விலை படுத்துவிடும். மறுநாள் ஞாயிறு அப்படியில்லை. சனி இரவு ஏற்றத்தில் எட்டரைக்கு வெளியே போகிறோம். நிலா இல்லாத இருட்டில் மீனுக்கு வலை தெரியாது. பௌர்ணமியில் தண்ணீர் இதேபோலத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் வலை காலியாக வரும். விடியலில் வலையை இழுத்து ஆறரைக்கு வாய்க்கு வந்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஓட்டமும் அலையும் ஒரே திசையில் போவதால் படகு சுலபமாக உள்ளே வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அட்டமி. அதே ஆறரைக்கு வந்தால் ஏரித் தண்ணீர் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும். வெளியே வருகிற ஓட்டத்தின்மேல் கடல் அலை ஏறினால் அலை செங்குத்தாக எழுந்து உடையும். மீன் பாரத்தோடு இருக்கிற படகைப் பின்னாலிருந்து அடித்துக் கவிழ்க்கக்கூடிய இடம் அதுதான். ஆகவே அந்த வாரம் வலையைக் குறைத்துக்கொண்டு, ஏற்றம் இருக்கும்போதே மூன்று, நான்கு மணிக்குள் திரும்பிவிடுவோம். மீன் கொஞ்சம்தான், ஆனால் வண்டியைப் பிடிக்கலாம்.

அப்புறம் வானிலை. 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக்காற்று வீசக்கூடும்' என்று எங்கள் பகுதிக்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை, படகை ஏற்றிக் கட்டிவிடுகிறோம். ஏமாற்றுவது வேறு ஒன்று. தாழ்வு மண்டலம் எங்கோ தூரத்தில் இருக்கும். இங்கே இலை அசையாது, வானம் வெளுத்திருக்கும். ஆனால் அதன் அலை காற்றுக்கு முன்னால் இங்கே வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மணல் திட்டில் நின்று ஓர் அலை உடைந்து அடுத்தது உடையும்வரை எண்ணிப் பார்ப்போம். சாதாரணமாக ஆறு, ஏழு, எட்டு எண்ணுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் அது தூரத்து அலை, மேட்டில் ஏறும்போது எதிர்பாராமல் உயரும். கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் இன்காய்ஸ் அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பையன்களிடம், எத்தனை நொடிக்கு ஓர் அலை என்பதையும் பாருங்கடா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எச்சரிக்கை நாளில்தான் ஏலக்காரர் போன் செய்வார். "அண்ணே, வஞ்சிரம் ஒண்ணுகூட வரல, கொஞ்சம் வந்தாலும் நல்ல விலை போகும்." உண்மைதான். யாரும் போகாததால்தான் விலை. அந்த விலைக்காகக் கிளம்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படகும் எஞ்சினும் போனால் எந்த விலையும் அதை ஈடுகட்டாது, ஆள் போனால் சொல்லவேண்டியதில்லை.

கடலுக்குப் போகாத நாளில் ஏரி கைகொடுக்கும், எல்லா நாளும் இல்லை. பெருமழையும் காற்றும் அடிக்கிறபோது ஏரியிலும் இறங்கமாட்டோம். மழை விட்டு ஆற்றுத் தண்ணீர் வந்ததும் இறால் உப்பைத் தேடி வாய்ப்பக்கம் நகரும். அந்த நாட்கள் நல்ல நாட்கள். ஆனால் அங்கே பாடு என்கிற முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பது ஊர்க் கட்டுப்பாடு, கடல் மூடிவிட்டது என்று புதிதாகப் போய் இறங்க முடியாது. முறை இல்லாத நாளில் நண்டு வலையைத்தான் எடுத்துக்கொண்டு உட்காருவேன். நண்டைக் கழற்றும்போது காலும் கொடுக்கும் சிக்கி வலைக் கண் அறுந்திருக்கும். அறுந்த இடத்தை முதலில் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டு, பக்கத்துக் கண்ணின் அளவுக்கே முடிச்சுப் போடவேண்டும். அவசரத்தில் இறுக்கி முடிந்தால் வலை சுருங்கும், தண்ணீரில் நேராக நிற்காது. ஒரு துண்டு முடிக்க அரை நாள் ஆகும். மேல் கயிறு, மிதப்பு, ஈயக் குண்டு எல்லாம் அப்போதே சரிபார்த்துவிடுவேன். எச்சரிக்கை விலகிய முதல் நாளில் சந்தை காய்ந்து கிடக்கும். முழு வலையோடு அன்றைக்கே இறங்குகிறவனுக்குத்தான் அந்த விலை.