63 வார்த்தை

மே 7
ஆஸ்பத்திரில டோக்கன் 6. நேத்து மாதிரியே வரிசைல அஞ்சாவதாதான் செருப்ப விட்டேன், கண் அசந்து முழிச்சா நடுவுல எவனோ நுழைஞ்சிருக்கான். தூக்கமும் இல்ல, அந்த வாட்ச்மேன் தாத்தா ராத்திரி பூரா சளக் சளக்னு நடக்குறாரு. அப்பாக்கு கிரியாட்டினின் 6.2.

மே 8
6.2 தான் இன்னும்.

மே 9
அக்னி நட்சத்திரம் சும்மா சொல்லக்கூடாது, காம்பவுண்டுல கால் வெக்க முடியல. முந்தாநேத்து நடந்தத கதையா எழுதிட்டேன். 164 வார்த்தை. போன்ல டைமர் வெச்சு வாய்விட்டுப் படிச்சா ஒரு நிமிஷம் 42 செகண்டு. இப்பல்லாம் ஷார்ட்ஸ்ல மூணு நிமிஷம் வரைக்கும் போடலாம்தான், ஆனா இது அவ்ளோ தாங்காது, கேக்குறவன் யோசிக்க ஆரம்பிச்சுட்டா முடிவ அவனே கண்டுபிடிச்சுருவான். 50 செகண்டுக்குள்ள முடியணும்.

மே 10
அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்ட்டாரு!! ரெண்டு!!

வெட்டுற வேலை. பாட்டி எந்த ஊரு, யாருக்கு உடம்பு சரியில்ல, கூட ஏன் யாரும் வரல, எல்லாம் போச்சு. அவங்க அழுதது 11 செகண்டு இருந்துச்சு, அதையும் தூக்கிட்டேன். அழுதாங்கன்னு நான் சொல்லிட்டா அப்புறம் வர்றதெல்லாம் பரிதாபத்துக்காக நடந்த மாதிரி ஆயிடுது. 96 வார்த்தை. இன்னும் ஒரு நிமிஷம் ஓடுது.

மே 11
தங்கச்சிக்கு வாய்ஸ் நோட் அனுப்பிச்சேன். பாதிலயே கண்டுபிடிச்சுட்டாளாம். "டேய், அந்த ஆளு நடக்குற சத்தத்த ஏன் தனியா சொல்ற, அங்கயே தெரிஞ்சுருச்சு"ன்றா. கரெக்ட்தான். சத்தத்த முழுசா எடுத்துட்டு சித்திக்கு அனுப்பிச்சேன், சித்தி "சரி, அப்புறம்?"னு கேட்டாங்க. ஒண்ணுமே புரியல அவங்களுக்கு. அப்ப சத்தமும் இருக்கணும், கதைக்காக வெச்ச மாதிரியும் தெரியக்கூடாது. 29சி பஸ்ல திரும்பி வரும்போது தோணுச்சு, அத என் எரிச்சலா சொல்லிடலாம், தூக்கம் போன கடுப்பு. புலம்புறவன் துப்பு குடுக்குறான்னு யாரும் நினைக்க மாட்டாங்க. அன்னைக்கு நிஜமாவே கடுப்புலதானே இருந்தேன்.

சித்தி கடைசில "மனிதம் இன்னும் சாகவில்லை"னு ஒரு வரி போடச் சொல்றாங்க. பின்னாடி புல்லாங்குழல் வேற வேணுமாம். சித்தி, நல்லா இருங்க.

மே 12
ரிப்போர்ட் நாளைக்கு. நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னாங்க.

மே 13
ஒரு சந்தேகம் ராத்திரி பூரா. இடம் பிடிக்க ஒரு கல்லு வெச்சிருக்கலாமே, செருப்பு எதுக்குன்னு கேப்பாங்களா? இங்க படுத்தவங்களுக்குத் தெரியும், கல்லையும் தண்ணி பாட்டிலையும் காலால தள்ளிட்டுப் போயிருவாங்க, அடுத்தவன் செருப்பத் தொட மாட்டாங்க. ஆனா அத விளக்க உக்காந்தா எட்டு செகண்டு போயிரும். விளக்கல. படம் எடுக்க வெறும் செருப்பு வரிசை போதும், யார் முகமும் வேணாம்.

மே 14
முடிஞ்சிருச்சு. இதான்:

எனக்கு முன்னாடி ஒரு ஜோடி செருப்பு நின்னுட்டு இருந்துச்சு. டோக்கன் ஜன்னல் ஏழரைக்குத்தான் திறப்பாங்க, நாலரைக்கே எல்லாரும் செருப்ப வரிசைல விட்டுட்டுப் படுத்துருவோம். வாட்ச்மேன் தாத்தா சளக் சளக்னு நடந்து தூக்கத்தக் கெடுப்பாரு. நான் அஞ்சாவது. கண் அசந்து முழிச்சா ஆறாவது. எவன்டா நடுவுல வந்தது. ஜன்னல் திறந்ததும் அந்த செருப்புகிட்ட ஒரு பாட்டி வந்து நின்னாங்க. ராத்திரி ஆம்புலன்ஸ்ல வந்தவங்க, வெறுங்காலு. டோக்கன வாங்கிட்டு அத மாட்டிக்கிட்டு உள்ள போனாங்க, ரெண்டு சைஸ் பெருசு. பதினோரு மணி வெயில்ல வாட்ச்மேன் என்னைத் தாண்டிப் போனாரு. சத்தமே இல்ல.

63 வார்த்தை, 40 செகண்டு. மிச்சம் பத்துல "ரெண்டு சைஸ் பெருசு"க்கு அப்புறம் நாலு செகண்டு சும்மா விடணும், காக்கா சத்தம் மட்டும். ஆறு செகண்டு கடைசில, அதுல காக்கா கூட வேணாம்.

மே 15
போடல இன்னும். டாக்டர் அப்பாவையும் என்னையும் சேத்து உள்ள வரச் சொல்லியிருக்காரு. டோக்கன் 3.

மே 16
தாத்தா புது செருப்பு போட்டிருக்காரு, இது கீச்சு கீச்சுங்குது