பத்து ஐஸ்பழத்துக்கு எவ்வளவு சாறு, எவ்வளவு சீனி: மூன்றாம் தடவையில் சரிவந்த கணக்கு

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் கல்லடியில் மத்தியானம் வெளியே தலை காட்ட முடியாது. அக்காவின் பிள்ளைகள் லீவுக்கு வந்து நின்றார்கள். வேலியில் கொடித்தோடை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பத்துக் குழி உள்ள ஐஸ்பழ அச்சு ஒன்றும் போன வருசம் வாங்கிச் சும்மா கிடந்தது. சாறு பிழிந்து ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிற வேலைதானே என்று இறங்கினேன். அந்த அச்சு சரியாக வரவே மூன்று வார இறுதிகள் போயின.

முதல் தடவை செய்தது இது. அச்சின் கொள்ளளவு தெரிய வேண்டும் என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. வெறும் அச்சைச் சமையல் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, ஒவ்வொரு குழியாக விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லிலீற்றர். அளவுக் கோப்பையின் கோட்டைக் குனிந்து பார்க்கிற வேலை இதில் இல்லை. ஒரு குழிக்கு 72 கிராம், ஒன்றிரண்டில் ஒரு கிராம் கூடக் குறைய. பத்துக்கும் 720. ஆகவே சாறும் தண்ணீருமாக 720 மில்லிலீற்றர் கலந்து, அதில் 90 கிராம் சீனியைக் கரைத்து ஊற்றினேன்.

பத்துக் குழியும் விளிம்புவரை நிறைந்த பிறகும் ஜக்கில் கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் குடித்துவிட்டேன். குச்சியோடு சேர்ந்த மூடிகளை அமுக்கியதும் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வழிந்தது. அதையும் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வைத்தேன்.

காலையில் பார்த்தால் பத்து மூடியும் பல் முளைத்த மாதிரி மேலே எழும்பி நிற்கின்றன. ஒவ்வொரு மூடிக்கும் கீழே மஞ்சள் பனிக்கட்டி குவிந்து, பக்கத்துக் குழியில் வழிந்ததோடு ஒட்டி, பத்தும் ஒரே பாளமாகக் கிடந்தது. ஒன்றை இழுத்தால் அச்சே கூட வருகிறது. சின்னவன், “மாமா, இது ஐஸ்பழமா, ஐஸ் தோசையா?” என்று கேட்டான். வெந்நீரில் வைத்து எடுத்ததில் நான்கு தேறியது.

தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நூறு பங்கு தண்ணீர் ஏறக்குறைய 109 பங்கு ஐஸ் ஆகும். அச்சின் சுவர்ப்பக்கம் முதலில் உறைந்து இறுகிவிடுகிறது, நடு கடைசியாக உறைகிறது. அப்போது அந்த நடுவுக்குப் போக வழி மேலே மட்டும்தான். அதனால்தான் மேற்பக்கம் குடம் மாதிரி புடைத்து மூடியைத் தள்ளுகிறது. ஆனால் என் விஷயத்தில் பிழை இது மட்டும் இல்லை என்பது இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது தடவை பயந்து செய்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம் விட்டு ஊற்றினேன். சீனியால்தான் மிச்சம் வந்தது என்று சந்தேகப்பட்டு அதையும் பாதியாக்கினேன். இப்போது எதுவும் வழியவில்லை. ஆனால் வந்தது குட்டையான ஐஸ்பழம்; மேலே குச்சி வெறுமனே தெரிந்தது. அச்சு அடியில் ஒடுங்கி மேலே அகன்றது. அதனால் மேலே விடுகிற ஒரு விரல் இடம், அடியில் இரண்டு விரல் இடத்துக்குச் சமம். விரல் கணக்கு இங்கே செல்லாது. இன்னொன்று, கல் மாதிரி இருந்தது. நான்கு உறிஞ்சு உறிஞ்சியதும் சாறும் நிறமும் வாய்க்குள் போய், கையில் வெள்ளை ஐஸ் மட்டும் மிஞ்சியது. சீனி குறைந்தால் இப்படித்தான். சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீரில் ஒரு பங்கை உறையவிடாமல் பாகாகப் பிடித்து வைப்பதும் அதுதான். அந்தப் பாகு ஐஸ் மணிகளுக்கு நடுவே நிற்பதால்தான் கடித்தால் பல் இறங்குகிறது.

மூன்றாம் வாரம் ஊற்றுவதற்கு முன் இரண்டு சின்னச் சோதனை செய்தேன்.

ஒன்று, சீனி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. ‘கரைந்து போகிறது’ என்று சொல்லிச் சொல்லி அது எங்கேயோ போய்விடுகிறது என்றே நம்பியிருந்தேன். அளவுக் கோப்பையில் 400 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து 100 கிராம் சீனி போட்டுக் கலக்கினேன். நீர்மட்டம் 460ஐத் தாண்டி நின்றது. ஒரு கிராம் சீனி கரைந்த பிறகும் 0.62 மில்லிலீற்றர் இடம் பிடிக்கும் என்பதே கணக்கு. தராசு இல்லாத வீட்டில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒரு கப் சீனி கரைந்தால் அரைக் கப்புக்குக் கொஞ்சம் கூட. முதல் தடவை ஜக்கில் மிஞ்சியதன் மர்மம் இதுதான். 90 கிராம் சீனி 56 மில்லிலீற்றரைத் தந்திருக்கிறது. அதை நான் குடித்துவிட்டேன்.

மற்றது, பருமன் எவ்வளவு கூடுகிறது என்பது. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்கினேன். மூக்கைப் பசையால் அடைத்து, ஒன்றில் 40 வரைக்கும் வெறும் தண்ணீர், மற்றதில் 40 வரைக்கும் என் சீனிச் சாறு. காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புவதுதான் சிரமம். இரவு முழுக்க ஃப்ரீசரில். காலையில் தண்ணீர்ச் சிரிஞ்சின் தண்டு 43 தாண்டிப் பாதி வழிக்குப் போயிருந்தது. சாற்றுச் சிரிஞ்ச் 43ஐத் தொடவில்லை. அதாவது சாறு பருத்தது நூற்றுக்கு ஏழுக்குக் கிட்ட. பாகாக நின்றுவிட்ட தண்ணீர் பருக்கவில்லை அல்லவா, அதுதான் வித்தியாசம். சீனி கூடக்கூட இது இன்னும் குறையும். கணக்கில் கொஞ்சம் தாராளமாக எட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அச்சுக்கு வருவோம். குழி 72. குச்சியும் இடம் பிடிக்கும்: நிறைந்த அச்சில் பத்து மூடியையும் அமுக்கி, வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்து நிறுத்ததில் 15 கிராம். ஒரு குழிக்கு ஒன்றரை. மீதி 70.5. உறைந்த பிறகு இந்த அளவை நிரப்ப வேண்டுமானால் உறையும் முன் அதை 1.08ஆல் வகுக்க வேண்டும். 65 மில்லிலீற்றர் வருகிறது. என் அச்சில் குச்சி இறங்கிய பிறகு விளிம்புக்குக் கீழே ஆறு மில்லிமீற்றர்தான் வெறுமை. ஒரு விரல் எங்கே, ஆறு மில்லிமீற்றர் எங்கே.

பத்துக்கு 650. வடியிலும் ஜக்கிலும் ஒட்டுவதற்கு 20 சேர்த்து 670.

இந்த 670க்குள் மூன்று சாமான் அடங்க வேண்டும். நான் பின்னாலிருந்து போனேன். கொடித்தோடைச் சாறு புளிப்பும் வாசமும் கூடியது, 200 மில்லிலீற்றர் போதும். சீனி 90 கிராம், அது பிடிக்கிற இடம் 56. இரண்டையும் 670இல் கழித்தால் தண்ணீர் 414. தண்ணீரைக் கடைசியாகக் கழித்து எடுப்பதுதான் இதில் சூட்சுமம். சீனியைக் கடைசியாக ‘ருசிக்கு’ என்று போட்டால் மறுபடியும் முதல் வாரத்துக் கதைதான்.

90 கிராம் ஏன் என்றால், சாற்றிலேயே ஏறக்குறைய 30 கிராம் இனிப்பும் புளிப்புமாகக் கரைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 120. முழுக் கலவையும் 715 கிராம் அளவில் நிற்கும்; அதில் இது நூற்றுக்குப் பதினேழு. 15க்குக் கீழே போனால் கல்லாகிறது. 25ஐத் தாண்டினால் வெளியே எடுத்ததும் குச்சியில் நிற்காமல் சரிகிறது. கலவையை வாயில் விட்டுப் பார்க்கும்போது ‘கொஞ்சம் தித்திப்புக் கூடிப்போச்சு’ என்று தோன்ற வேண்டும். குளிரில் நாக்கு மரத்து அந்தக் கூடுதல் காணாமல் போய்விடும்.

சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்தேன். அதை நன்றாக ஆறவிட்ட பிறகுதான் அளந்தேன். கொதி அடங்காத தண்ணீர் தானாகவே நூற்றுக்கு மூன்றளவில் பருத்திருக்கும், அளவு பொய் சொல்லும்.

ஊற்றும்போது குழிக்குக் குழி கோடு பார்க்கவில்லை. அச்சைத் தராசில் வைத்து, குழிக்கு 69 கிராம் என்று நிறுத்து ஊற்றினேன். சீனிச் சாறு தண்ணீரைவிடக் கனம் என்பதால் 65 மில்லிலீற்றர் அவ்வளவு வரும். பத்தும் முடிந்தபோது ஜக்கின் அடியில் ஒரு மேசைக்கரண்டி கூட மிஞ்சவில்லை. இதற்குத்தான் அதிகம் சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் அக்கா சிரிக்கிறா.

காலையில் ஒன்பது மூடியும் அசையவில்லை. ஐஸ் மூடியின் அடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வெந்நீரில் பத்து எண்ணுவதற்குள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. பத்தாவது மட்டும் ஒரு பக்கம் வழிந்து ஒட்டியிருந்தது. முதலில் அந்தக் குழிக்குக் கூட ஊற்றிவிட்டேனோ என்று நினைத்தேன். அப்புறம் பழைய பனடோல் போத்தல் ஒன்றில் பாதித் தண்ணீர் விட்டு ஃப்ரீசர் தட்டில் படுக்க வைத்தேன். குமிழ் ஒரே ஓரத்துக்கு ஓடியது. தட்டுச் சரிவு! ஆறு மில்லிமீற்றர் மட்டும் விடுகிற கணக்கில், அச்சு நீளத்துக்குச் சின்னச் சரிவு இருந்தாலே கடைசிக் குழிக்கு இடம் போதாது. மடித்த காட்போட் ஒன்று கீழே கொடுத்ததும் சரியானது.

போன கிழமை மாம்பழத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மிக்ஸியில் அடித்த கூழை உடனே அளந்தது பிழை. நுரையும் அளவில் சேர்ந்துவிட்டது. ஊற்றி வைத்த பிறகு நுரை அடங்கி, ஐஸ்பழம் இரண்டாவது வாரத்தைப் போல குட்டையாகிவிட்டது. அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, நுரையை வழித்துவிட்டு அளந்தால் சரி. மாம்பழத்துக்குத் தண்ணீர் குறைவாகத்தான் போகிறது, சீனியும் 60 கிராமே போதுமாக இருந்தது. பெரியவள் இப்போது விளாம்பழத்தில் செய்யச் சொல்லி நிற்கிறாள். “கூழைக் கரைச்சு வடிச்சுத் தா மகள், மாமா நிறுத்துப் பார்த்துச் சொல்றன்” என்று சொல்லியிருக்கிறேன்.