ஆச்சிக்குப் பெயர் திருநெல்வேலி இல்லை

“ஆச்சியை யாரும் திருநெல்வேலின்னு கூப்பிடலையே சார்.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். தன் ஆச்சியின் சமையலை எழுதி எங்கள் பதிப்பகத்துக்குக் கொண்டுவந்த பெண், அட்டை மாதிரியைப் பார்த்தபடி சும்மா சொன்னார். புத்தகம் வந்து ஒரு வருஷம் ஆகியும் அது காதிலேயே நிற்கிறது.

அவர் கொண்டுவந்த தலைப்பு ‘கைதான் அளவு’. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக்குப் பாசிப்பருப்பு எவ்வளவு போடணும் என்று கேட்டால் ஆச்சி அப்படித்தான் சொல்வாராம். எனக்கும் கேட்டவுடனே பிடித்தது. ஆனால் எனக்குப் பிடிப்பது வேறு, கடைக்காரர் அதை எந்த அலமாரியில் செருகுவார் என்பது வேறு. ‘சமையல்’ என்ற சொல் இல்லாத தலைப்பு கவிதைப் பக்கம் போய்விடும், இல்லையென்றால் சுயமுன்னேற்றம். 144 பக்கப் புத்தகத்தின் முதுகு ஏழு மில்லிமீட்டர்தான். அதில் ஒரு வரிதான் நிற்கும், துணைத்தலைப்புக்கு இடமில்லை. கடையில் வாசகர் பார்ப்பது அந்த முதுகை மட்டும்தான். புத்தகக் காட்சி மேசையில் அட்டை முழுசாகத் தெரியும், அங்கே ‘கைதான் அளவு’ விற்றிருக்கலாம். ஆனால் புத்தகக் காட்சி வருஷத்தில் சில நாள்தானே.

சரி, ‘ஆச்சி சமையல்’ என்று வைப்போமா என்றார். அதற்கும் நான்தான் தடை போட்டேன். திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. சென்னைக் கடையில் அதே சொல்லைப் பார்ப்பவருக்குச் செட்டிநாடு ஞாபகம் வரும், இல்லையென்றால் மசாலாப் பொட்டலம். செட்டிநாட்டுக் குழம்பு தேடி வாங்குகிறவர் உள்ளே சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு என்று பார்த்தால் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். புத்தகத் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம். வணிகப் பெயர் விஷயம் அப்படியல்ல, அதில் போய் மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான், இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அப்புறம் இன்னொரு காரணமும் சொன்னேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. “தலைப்பில் கை அளவுன்னு போட்டுட்டு உள்ளே எல்லாம் கிராம் கணக்கில் இருந்தால் வாசகர் சிரிக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கிராம் கணக்கைப் போடச் சொன்னதே நான்தானே! ‘ஒரு கை’ என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவரும் தராசு வாங்கி அளந்தார். ஆச்சி இப்போது இல்லை. அதனால் அம்மா கையில் அள்ளி நிறுத்தினால் 55 கிராம், இவர் கையில் அள்ளினால் 40. புத்தகத்தில் 50 என்று போட்டோம். அது வீட்டில் யாருடைய கையும் இல்லை.

அதற்காக அளவு இல்லாமல் விடவும் முடியாது. ரெண்டாம் பாலில் காய் வேகணும், தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கணும், எலுமிச்சை பிழிவது இறக்கின பிறகுதான் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல்தடவை சொதி வைக்கிறவருக்குப் பருப்பு கூடினால் அது சாம்பார் மாதிரி கெட்டியாகிவிடும். அந்த வாசகருக்காகத்தான் பேசினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தலைப்பிலும் அவருக்காகத்தான் பேசினேனா, இல்லை கிடங்கில் கட்டு கட்டாகத் திரும்பி வரும் பிரதிகளை நினைத்துப் பேசினேனா என்பது எனக்கே தெளிவாக இல்லை.

கடைசியில் ‘திருநெல்வேலிச் சமையல்’ என்று பெரிய எழுத்தில் வந்தது. கீழே சின்னதாக ‘ஆச்சி சொன்ன பக்குவங்கள்’. இணையக் கடையில் கட்டைவிரல் அளவுப் படத்தில் அந்த வரி தெரியாது, தேடினால் மட்டும் அகப்படும். 300 பிரதி அடித்தோம், எட்டு மாதத்தில் தீர்ந்தது. தலைப்பால் விற்றதா, சொதியால் விற்றதா, யாருக்குத் தெரியும். ‘கைதான் அளவு’ என்று வைத்திருந்தால் ஐந்து மாதத்திலேயே தீர்ந்திருக்குமோ என்னவோ. அதை இனி அளந்து பார்க்கவும் முடியாது.

போன வாரம் இரண்டாம் அச்சுக்கு ஃபோன் செய்தேன். “வேணும்னா இப்ப உங்க தலைப்பையே வைக்கலாம்மா” என்றேன். மனசிலிருந்துதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“தலைப்பு மாத்தினா புது ஐ.எஸ்.பி.என். வாங்கணுமே சார், கடையில பழைய புத்தகத்தைத் தேடுறவங்களுக்குக் குழப்பமாயிடும்” என்றார்.

முதல் அச்சின்போது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.