0.8 என்று வந்த ஏ.எம்.எச்

சென்ற ஆண்டு எனக்கு 34 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து அப்போதுதான் குழந்தை பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தோம். வேளச்சேரியில் ஒரு லேபில் உடல் பரிசோதனை செய்தபோது, கூடவே, சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று கணிக்க உதவும் ஏ.எம்.எச் ஹார்மோனையும் பார்த்தேன். 0.8 என்று வந்தது. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த ஒரு கருத்தரிப்பு மையத்தில், "முட்டை தீர்ந்துகொண்டே வருகிறது, உடனே ஐ.வி.எஃப் போங்கள்" என்றார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அம்மாதான் தனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே கேட்டது, "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயாம்மா?" மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று ஒரு வருடமாகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். லேபிலும் சரி, அந்த மையத்திலும் சரி, இதை யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னது இது. சினைப்பையில் முட்டையைச் சுமந்து வளரத் தொடங்கியிருக்கும் சிறு நுண்ணறைகள் சுரப்பதுதான் ஏ.எம்.எச். மாத்திரை அவற்றின் வளர்ச்சியை அடக்கிவைப்பதால் அளவு குறைந்து தெரியும். நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து அதே லேபில் பார்க்கச் சொன்னார். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறுமாம். மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேனில் நுண்ணறைகளையும் எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 9. ஏ.எம்.எச் 1.3.

அதுவும் என் வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் நான் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டு முட்டைகளைத் தூண்டினால் சுமாராக எத்தனை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். இயல்பாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை வெளியே வந்தால் போதும். 30 முதல் 44 வயது வரை, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏ.எம்.எச் குறைந்தவர்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை.

அப்படியானால் வயது முக்கியமில்லையா என்று கேட்டேன். அதுதான் முக்கியம் என்றார். முட்டைகள் எல்லாம் நாம் பிறக்கும்போதே நம்மோடு வந்தவை. வயது ஏற ஏற, முட்டை முதிரும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது அதிகமாகிறது. 40-க்கு மேல் கருத்தரிப்பது குறைந்து கருச்சிதைவு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்தக் கோளாறை எந்த ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டிக் காட்டாது. என் அண்ணிக்கு 41 வயதில் ஏ.எம்.எச் 2.6 இருந்தது, "நல்ல எண்" என்று எல்லோரும் சொன்னோம். இரண்டு முறை கலைந்தது. அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது.

கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தாயா என்று டாக்டர் கேட்டபோதுதான், இவ்வளவு நாளும் அது யாருக்கும் தோன்றவில்லை என்பது உறைத்தது. அது நார்மல்.

35-க்குள் என்றால் ஒரு வருடம் முயன்றுவிட்டு வரலாம், 35 தாண்டினால் ஆறு மாதம் என்றார். எனக்கு வரும் தையில் 35 ஆகிறது. முயல ஆரம்பித்து இப்போது நான்காவது மாதம்; இன்னும் இரண்டு மாதத்தில் அவரிடம் போக நாள் குறித்து வைத்திருக்கிறோம்.