இரண்டு ஸ்டேஷன், ஒரு காயில்: கரூரில் கோவை வானொலியைப் பிரித்தெடுத்த கதை

கரூர் இருக்கும் இடம் மீடியம் வேவ் ரேடியோ கட்டுகிறவனுக்கு ஒரு சின்னச் சோதனை. கிழக்கே திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில், மேற்கே கோவை வானொலி 999-இல். இடைவெளி 63 கிலோஹெர்ட்ஸ்தான். திருச்சி பக்கத்தில் இருப்பதால் பலமாக விழும், கோவை தூரம். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது கோவை. கடையில் வாங்கிய ரேடியோவில் கேட்கலாம் என்பது தெரியும். நானே கட்டியதில் கேட்க வேண்டும் என்பதுதான் பிடிவாதம்.

கட்டியது மிக எளிய சர்க்யூட். ஃபெரைட் ராடில் 64 சுற்று காயில், அதன் குறுக்கே ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங் கண்டன்சர், அங்கிருந்து ஒரு டிரான்சிஸ்டர், பிறகு டிடெக்டர், ஆடியோ ஐசி. காயிலின் இண்டக்டன்ஸ் 240 மைக்ரோஹென்றி. 999-க்கு எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் வேண்டும், அங்கே காயிலின் எதிர்ப்பு XL எவ்வளவு என்பது பாலிடெக்னிக்கில் படித்த கணக்குதான்:

```
C  = 1 / ((2πf)² L)   = 106 pF
XL = 2πfL             = 1506 Ω
```

ஆன் செய்தேன். கேங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருச்சி. 999 இருக்க வேண்டிய இடத்திலும் திருச்சி, அதற்கடியில் கோவை முணுமுணுப்பாக. ஃபெரைட் ராடைச் சுழற்றி வேண்டாத ஸ்டேஷனை அடக்கலாம் என்பார்கள். ராடின் முனை எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசை ஸ்டேஷன் மங்கும், உண்மைதான். ஆனால் முனைக்கு முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் சேர்ந்தே மங்கும். கரூரிலிருந்து பார்த்தால் திருச்சியும் கோவையும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசை. திருச்சியை அடக்கினால் கோவையும் போய்விடும். ஊர் அமைப்பே அந்த வழியை அடைத்துவிட்டது.

காயில் சரியில்லையோ என்று மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: 2 ஓம். 1506-ஐ 2-ஆல் வகுத்தால் காயிலின் கூர்மையைச் சொல்லும் க்யூ 750. இவ்வளவு கூர்மையான காயில் ஏன் இப்படிச் சொதப்புகிறது? அங்கேதான் முதல் ஏமாற்றம். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கரண்ட் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும்; பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலம் அதையும் ஒரு ஓரமாக ஒதுக்கிவிடும்; ஃபெரைட்டும் கொஞ்சம் தின்னும். நிஜமான இழப்பு பல மடங்கு. அளந்தால்தான் தெரியும்.

தெரிந்த ஒருவர் வேலை பார்க்கும் லேபில் சனிக்கிழமை மதியம் சிக்னல் ஜெனரேட்டரும் ஸ்கோப்பும் கிடைத்தன. காயிலையும் 106 பிகோஃபாரட் கண்டன்சரையும் தொடராக இணைத்து, ஜெனரேட்டரிலிருந்து ஊட்டி, கண்டன்சரின் மேல் வோல்டேஜைப் பார்த்தேன். தொடர் ஒத்ததிர்வில் காயிலின் எதிர்ப்பும் கண்டன்சரின் எதிர்ப்பும் ஒன்றையொன்று கழித்துவிடும். மிஞ்சுவது இழப்பு ரெசிஸ்டன்ஸ் மட்டும். அதனால் கரண்ட் உச்சத்துக்குப் போகும், கண்டன்சரின் மேல் வோல்டேஜ் ஊட்டியதைப் போல க்யூ மடங்கு எழும். உச்சத்தைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் அது 0.707 மடங்காக இறங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால், அவற்றுக்கு இடையிலான தூரம்தான் பட்டை அகலம். மைய அதிர்வெண்ணை அதனால் வகுத்தால் க்யூ.

உச்சம் 999-இல் இல்லை, 943-இல் இருந்தது. கால் மணி நேரம் காயிலைத் திட்டிய பிறகு உறைத்தது: ஸ்கோப் புரோபின் 13 பிகோஃபாரட் என் கண்டன்சரோடு சேர்ந்துகொண்டது. நல்லவேளை, 10x-இல் வைத்திருந்தேன். 1x-இல் வைத்தால் புரோபும் கேபிளும் 100 பிகோஃபாரட் பக்கம் வரும், உச்சம் 700-க்கே இறங்கிவிடும். கண்டன்சரை அந்த அளவுக்குக் குறைத்ததும் உச்சம் இடத்துக்கு வந்தது. பட்டை அகலம் 43 கிலோஹெர்ட்ஸ், க்யூ 23.

750-ஐ எதிர்பார்த்த இடத்தில் 23. ஆனால் இதுவும் காயிலின் க்யூ இல்லை. ஜெனரேட்டருக்குள் 50 ஓம் இருக்கிறது. தொடர் சர்க்யூட்டில் அதுவும் தொடராகவே சேரும். அதன் வாயில் 1 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட்டு, அந்த 1 ஓமின் மேலிருந்து சர்க்யூட்டுக்கு ஊட்டினேன். சிக்னல் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது, ஆனால் இப்போது சர்க்யூட் பார்க்கும் ரெசிஸ்டன்ஸும் 1 ஓம்தான். பட்டை அகலம் 10.6-க்கு வந்தது, க்யூ 94. அந்த 1 ஓமைக் கழித்தால் காயிலின் சொந்த இழப்பு 15 ஓம், சொந்த க்யூ 100. மல்டிமீட்டர் சொன்ன 2 ஓம் எங்கே, இது எங்கே.

அடுத்து அதே இரண்டையும் பக்க இணைப்பில் வைத்து ஜெனரேட்டரை நேராகக் குறுக்கே கட்டினேன். ஸ்கோப்பில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை, சமவெளி. பக்க இணைப்பில் ஒத்ததிர்வின்போது எதிர்ப்பு மிக அதிகமாகும். காயிலுக்கும் கண்டன்சருக்கும் நடுவே கரண்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து சொற்பமே இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது இவ்வளவு பெரிய ரெசிஸ்டர்:

```
Rp = Q × XL = 100 × 1506 ≈ 150 kΩ
```

150 கிலோ ஓமின் குறுக்கே 50 ஓமை வைத்தால் அது கிட்டத்தட்ட ஷார்ட். சுற்றிக்கொண்டிருந்த ஆற்றலையெல்லாம் ஜெனரேட்டரே குடித்துவிட்டது. 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக ஊட்டிய பிறகு மேடு எழுந்தது, க்யூ 87. தொடரில் பக்கத்து ஆள் சிறிய ரெசிஸ்டராக இருக்க வேண்டும், பக்க இணைப்பில் பெரிய ரெசிஸ்டராக இருக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்து மார்க் வாங்கியவன் நான். ஒரே காயிலை இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்த அன்றுதான் இரண்டும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தது.

அந்த நினைப்போடு ரேடியோவைப் பார்த்தால் குற்றவாளி உடனே தெரிந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் அலை ஃபெரைட் காயிலுக்குள்ளேயே வோல்டேஜைத் தூண்டுகிறது, அதாவது காயிலோடு தொடராக. அந்த வோல்டேஜுக்கு இது தொடர் சர்க்யூட். ஆனால் கண்டன்சரின் இரு முனையிலும் தொங்கும் டிரான்சிஸ்டருக்கு இதே சர்க்யூட் பக்க இணைப்பு. என் டிரான்சிஸ்டரின் பேஸ் பக்க ரெசிஸ்டன்ஸ் சுமார் 2.2 கிலோ ஓம். அதை 150 கிலோ ஓமின் குறுக்கே நேராகக் கட்டியிருந்தேன். இரண்டும் சேர்ந்து 2.17 கிலோ ஓம். 1506-ஆல் வகுத்தால் க்யூ 1.4, பட்டை அகலம் சுமார் 700 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறது. ட்யூனிங் என்று பெயர்தான் இருந்தது.

எங்கள் தெருமுனையில் பழைய ரேடியோ பார்க்கும் அண்ணனிடம் சொன்னபோது அவர் கணக்கெல்லாம் போடவில்லை. "பேஸை காயில் மண்டையிலயா கட்டினீங்க தம்பி? அடியில நாலஞ்சு சுத்துலருந்து எடுங்க. பழைய செட்டெல்லாம் திறந்து பாத்ததே இல்லீங்களா?" என்றார். பார்த்திருக்கிறேன். ராடில் பெரிய காயிலுக்குப் பக்கத்தில் சில சுற்றே உள்ள சின்னக் காயில் ஒன்று இருக்கும், அது எதற்கென்று கேட்டதில்லை.

அது எதற்கென்றால், காயிலின் ஒரு பகுதியிலிருந்து எடுக்கும்போது லோடு, அதாவது டிரான்சிஸ்டரின் ரெசிஸ்டன்ஸ், சுற்று விகிதத்தின் வர்க்க மடங்கு பெரிதாகத் தெரியும். கிரவுண்ட் பக்கத்திலிருந்து 8-வது சுற்றில் எடுத்தால் விகிதம் 8, 2.2 கிலோ ஓம் 64 மடங்காகி 140 கிலோ ஓம் ஆகும். 4-வது சுற்றில் எடுத்தால் விகிதம் 16. 256 மடங்காகி 560 கிலோ ஓமைத் தாண்டும். என் பயம் வேறு: எட்டில் ஒரு பங்கு வோல்டேஜை எடுத்தால் சத்தம் எட்டில் ஒன்றாகிவிடாதா?

ஆகவில்லை, சத்தம் கூடியது. நேராகக் கட்டியபோது தூண்டப்பட்ட வோல்டேஜ் 1.4 மடங்குதான் எழுந்தது. 8-வது சுற்றில் க்யூ 48-க்குப் போகிறது. எட்டில் ஒரு பங்கு எடுத்தாலும் பேஸுக்கு 6 மடங்கு கிடைக்கிறது. 4-வது சுற்றில் க்யூ 79, பேஸுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. லோடும் காயிலின் 150 கிலோ ஓமும் சமமாகிற இடத்தில்தான் சத்தம் உச்சம், ஆனால் அங்கே க்யூ பாதியாகிவிடும். கொஞ்சம் சத்தத்தை விட்டுக்கொடுத்தால் கூர்மை கிடைக்கிறது. எனக்கு வேண்டியது கூர்மை. 4-வது சுற்றில் கட்டினேன். பட்டை அகலம் 12.7 கிலோஹெர்ட்ஸ், 63 தள்ளியிருக்கும் திருச்சி பத்தில் ஒரு பங்காகிறது.

கோவை தெளிவாக வந்தது. ஆனால் அறிவிப்பாளர் மூச்சு விடும் இடைவெளியில் திருச்சி எட்டிப் பார்த்தது. பத்தில் ஒன்று போதவில்லை. கேங்கில் இரண்டாவது பிரிவு சும்மா கிடந்தது, அதை வைத்து டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இன்னொரு ட்யூன்ட் சர்க்யூட் போட்டேன். கலெக்டரே உயர் ரெசிஸ்டன்ஸ் கொண்ட மூலம், பக்க இணைப்புக்கு ஏற்ற ஊட்டி. போட்டதும் ரேடியோ விசிலடித்தது. இரண்டு ராடும் ஒரே திசையில் படுத்திருந்தன. கலெக்டர் காயிலின் புலம் முதல் காயிலுக்குத் திரும்பி வந்து அலைவாகிவிட்டது. இரண்டாவது ராடை முதல் ராடுக்குச் செங்குத்தாக, ஒரு சாண் தள்ளி வைத்தபின் அடங்கியது. இரண்டாவதையும் முதலதைப் போலவே க்யூ 79 பக்கம் வைத்திருந்தேன். பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, திருச்சி நூறில் ஒரு பங்கு. சுத்தமாகக் காணோம்.

ஆனால் நாகஸ்வரக் கச்சேரி கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இரண்டு சர்க்யூட்டும் சேர்ந்து பட்டை அகலம் 8 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கிவிட்டது. ஏஎம்-இல் பேச்சும் இசையும் மையத்தின் இரு பக்கமும் பரவியிருப்பதால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஓசையெல்லாம் வெட்டுப்படும். க்யூவை ஏற்ற இவ்வளவு பாடுபட்டவன் அதை இறக்க ஒரு ரெசிஸ்டரைத் தேடினேன். இரண்டாவது காயிலின் குறுக்கே 100 கிலோ ஓம். அதன் க்யூ 79-லிருந்து 36-க்கு இறங்கியது, மொத்தப் பட்டை அகலம் 11 கிலோஹெர்ட்ஸ் ஆனது, திருச்சி ஐம்பதில் ஒரு பங்கு. இப்போது பகலில் கோவை மட்டும் கேட்கிறது, நாகஸ்வரத்துக்கும் கொஞ்சம் கூர்மை திரும்பியிருக்கிறது. இருட்டிய பின் தூரத்து ஸ்டேஷன்கள் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உட்காரும்போது இந்தச் சர்க்யூட் ஒன்றும் செய்யாது. அதற்கு எல்லாவற்றையும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அங்கே வடிகட்டும் சூப்பர்ஹெட் வேண்டும். அந்த 455-க்கான ஐஎஃப் கேன்கள் மூன்றை அண்ணன் கடையில் எடுத்து வைத்திருக்கிறார்.